கரையானுக்கு யார் பணம் கொடுப்பது, கரப்பானுக்கு யார்?

பொங்கலுக்கு முன் பட்டுப்புடவைப் பெட்டியை எடுக்கப் படுக்கையறைக் கப்போர்டின் அடித்தட்டைத் திறந்தபோதுதான் பார்த்தேன். சுவரும் பலகையும் சேரும் மூலையில், பென்சில் கனத்துக்கு ஒரு மண் கோடு கீழிருந்து மேலே ஏறியிருந்தது. பெட்டிக்கு அடியில் போட்டிருந்த செய்தித்தாளில் நடுப்பகுதி இல்லை, விளிம்பு மட்டும் இருந்தது. அடிப்பலகையை விரலால் தட்டினேன். அப்பளத்தைத் தட்டுவது மாதிரி சத்தம். கொஞ்சம் அழுத்தியதும் விரல் உள்ளே போய்விட்டது.

மேடவாக்கத்தில் தரைத்தளத்து வீடு. 750 சதுர அடி, வாடகை 14,000, அட்வான்ஸ் 70,000. அதே வாரத்தில் சமையலறையில் கரப்பான் தொல்லையும் ஏறியிருந்தது. இரண்டையும் சேர்த்து வீட்டுக்காரரிடம் சொல்லி, "பெஸ்ட் கண்ட்ரோல் பண்ணிக் கொடுங்க சார்" என்று கேட்பதாகத்தான் முதலில் நினைத்தேன். நல்ல வேளை, அப்படிக் கேட்கவில்லை. இரண்டும் வேறு வேறு வழக்கு. ஒன்றாகக் கட்டிக் கேட்டிருந்தால் கரப்பானுக்குச் சொல்கிற பதிலையே கரையானுக்கும் சொல்லியிருப்பார்.

யார் பணம் கொடுப்பது என்று பேசும் முன் வந்திருப்பது என்ன, எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். பணப் பேச்சு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

கரையான் மண்ணிலிருந்து வருகிறது. வீட்டுக்கு வெளியே, அல்லது தரைக்கு அடியிலேயே அதன் புற்று இருக்கும். வெளிச்சமும் காய்ந்த காற்றும் அதற்கு ஆகாது. அதனால்தான் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டிக்கொண்டு, தரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் வெடிப்பு வழியாக ஏறுகிறது. ஈரம் இருக்கும் சுவர் அதற்கு ராஜபாட்டை. என் கப்போர்டுக்குப் பின்னால் இருப்பது குளியலறைச் சுவர். உள்ளே குழாய் கசிந்து, இரண்டு மழைக்காலமாக அந்தச் சுவரில் பெயிண்ட் உப்பிக்கொண்டே இருந்தது.

மண் கோடு பழையதா, இன்னும் நடமாட்டம் உள்ளதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. நடுவில் ஒரு அங்குல அளவுக்கு மட்டும் சுரண்டிவிட்டு இரண்டு மூன்று நாள் விட்டுப் பாருங்கள். ஈர மண்ணால் திரும்ப அடைத்திருந்தால் உயிரோடு இருக்கிறது என்று உறுதி. எனக்கு மூன்றாம் நாள் காலையில் அடைபட்டிருந்தது. சுரண்டிய அன்று ஒரு படம், அடைத்த அன்று ஒரு படம். பின்னால் பேசும்போது இந்த இரண்டு படங்களும் கைகொடுத்தன. அடைக்கவில்லை என்பதால் போய்விட்டது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வேறு பக்கமாக வழி கட்டியிருக்கலாம். அப்படியே மருந்துக் கடைக்குப் போய் ஸ்ப்ரே வாங்கி அந்த இடத்தில் அடித்துவிடவும் வேண்டாம். அங்கே தெரிகிற நூறு இருநூறு சாகும், மற்றவை திசை மாறும், அடுத்து நிலைச்சட்டத்தில் எப்போது தலைகாட்டும் என்று தெரியாது.

மண்ணே இல்லாமல் கோதுமை மாவு மாதிரி தூள் கொட்டி, மரத்தில் குண்டூசி அளவுக்கு வட்ட ஓட்டைகள் இருந்தால் அது கரையான் இல்லை, உளு. ஒரு வகை வண்டின் புழு. அதற்கு அந்த மரத்துக்கு மட்டும் மருந்து ஏற்றினால் போதும், தரையைத் துளை போடத் தேவையில்லை. செலவும் குறைவு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கரையான் வேலைக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

கரப்பானிலும் இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும். அரை அங்குலத்துக்கு, வெளிர் பழுப்பில், கழுத்துப் பட்டையில் இரண்டு கறுப்புக் கோடுகளோடு, ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கமும் மிக்ஸிக்கு அடியிலும் கூட்டமாக இருப்பது ஒன்று. இது பெரும்பாலும் மளிகை அட்டைப்பெட்டி, பழைய ஃப்ரிட்ஜ், வீடு மாற்றும்போது கட்டிய சாமான் இவற்றோடு உள்ளே வருகிறது. இதன் ஒரு முட்டைக்கூட்டில் முப்பது நாற்பது குஞ்சு இருக்கும். பெரிசாக, செம்பழுப்பாக, ஒன்றரை அங்குலம் இருந்து, ராத்திரி குளியலறை ஜாலி வழியாக ஒன்றிரண்டாக ஏறி வருவது இன்னொன்று. இதன் வீடு சாக்கடையும் மேன்ஹோலும். முதல் வகை குடியிருப்பவரின் சாமானோடு வந்தது, இரண்டாவது கட்டடத்தின் கழிவுநீர்க் குழாயோடு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், எந்தப் பழுது யார் பொறுப்பு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், குழாய் மாற்றுவது, வயரிங் இவை வீட்டுக்காரர் பக்கம். குழாய் வாஷர், சாக்கடை சுத்தம், சுவிட்ச், பூட்டு, கொசுவலை இவை குடியிருப்பவர் பக்கம். பூச்சி என்று தனியாக ஒரு வரி கிடையாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஆகவே கரையான் விஷயத்தில் "சட்டப்படி நீங்கதான் தரணும்" என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. கரையான் தின்பது நிலைச்சட்டத்தையும் சுவரோடு பொருத்திய கப்போர்டையும். அது வருவது தரைக்கு அடியிலிருந்து. அதை இழுத்தது கசிந்த குழாய். இதில் எதுவும் நான் கொண்டுவந்த சாமான் இல்லை. அந்த வழியாகப் போனால் அது வீட்டுக்காரர் பட்டியலில் போய் நிற்கிறது. சின்னக் கரப்பானுக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது.

இனி, என் முன்னால் இருந்த வழிகள்.

முதல் வழி, சத்தமில்லாமல் நானே செலவு செய்துவிடுவது. நிறைய பேர் இதைத்தான் செய்கிறார்கள். வீட்டுக்காரரோடு ஏன் மனத்தாங்கல், அடுத்த முறை வாடகையை ஏற்றிவிடுவாரோ என்று ஒரு பயம். கரப்பானுக்கு இது சரியான வழிதான், கீழே சொல்கிறேன். கரையானுக்கு இதுதான் மிக மோசமான வழி. செலவு மட்டும் காரணம் இல்லை. கரையான் வேலை என்றால் அவருடைய டைல்ஸ் ஓரம் முழுக்க டிரில் போட வேண்டும். அவரைக் கேட்காமல் போட்டால் அந்தத் துளைக்கே பதில் சொல்ல வேண்டி வரும். அதைவிட, சொல்லாமல் விட்ட சேதம் காலி செய்யும் நாளில் "நீங்க இருக்கும்போதுதானே கப்போர்டு போச்சு" என்று அட்வான்ஸில் வந்து விழும். எப்போது பார்த்தேன், எப்போது சொன்னேன் என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது.

இரண்டாவது, வீட்டுக்காரரே ஆள் வைத்து, அவரே பணம் கொடுப்பது. மூன்றாவது, நான் செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்வது. நான்காவது, ஆளுக்குப் பாதி. ஐந்தாவது, வாடகை அதிகாரியிடம் புகார், அல்லது வீட்டைக் காலி செய்வது.

கடைசி வழியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏழாயிரம் எட்டாயிரம் ரூபாய் வேலைக்குப் புகார் என்று போவது, ஒப்பந்தம் எழுத்தில் இருந்து முறையாகப் பதிவும் ஆகியிருந்தால்தான் யோசிக்கவே தகுந்தது. நம்மில் பலர் கையில் இருப்பது பதினோரு மாத முத்திரைத்தாள் மட்டும். காலி செய்வதென்றால் வண்டி, பேக்கிங், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, புது அட்வான்ஸ் எல்லாம் சேர்த்துக் கரையான் செலவைப் போல பல மடங்கு ஆகும். நிலைச்சட்டமே தொங்குகிறது, வீட்டுக்காரரும் போனை எடுப்பதில்லை என்றால் அது வேறு கதை.

வாடகையில் கழிப்பது பார்க்கச் சுலபம். சட்டத்திலும் இடம் இருக்கிறது. வீட்டுக்காரர் பொறுப்பில் உள்ள பழுதை அவர் செய்ய மறுத்தால், நாம் செய்து வாடகையில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்கு மேல் பிடிக்கக் கூடாது. 14,000 வாடகைக்கு மாதம் 7,000. சிக்கல் எங்கே என்றால், பட்டியலில் பூச்சி என்ற வார்த்தை இல்லாததால், இது என் பொறுப்பே இல்லை என்று அவர் சொன்னால் வாடகை பாக்கி என்ற பேச்சு என் மேல் திரும்பும். எனவே அவர் "சரி, கழிச்சுக்கோங்க" என்று எழுத்தில் சொன்ன பிறகு மட்டுமே இந்த வழி. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீட்டுக்காரருக்கு உண்மையில் இதுதான் வசதி. அவருக்கு ஆள் தேடும் வேலை இல்லை, நமக்கும் காத்திருக்க வேண்டாம். எழுத்து என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். போனில் சொன்னது எழுத்து ஆகாது.

பாதிப் பாதி என்பது நியாயம் போலத் தோன்றும், பேச்சும் சட்டென்று முடியும். கரையானில் எனக்கு இது பிடிக்கவில்லை. பாதிப் பணம் கொடுத்தால் பாதிப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிறது. அடுத்த வருஷம் திரும்ப வந்தால் அதுவும் பாதி. இந்த வேலைக்குத் தருகிற வாரண்டி அந்த வீட்டுக்குத்தான். நான் காலி செய்தாலும் அது அங்கேயே இருக்கும். இரண்டு வருஷம் கழித்து நான் எங்கோ இருப்பேன், அவர் வீட்டு நிலைச்சட்டம் காப்பாற்றப்பட்டிருக்கும். பணத்தில் பாதி கேட்பதற்குப் பதிலாக உழைப்பில் என் பங்கைக் கொடுப்பது நல்லது என்று முடிவு செய்தேன். கப்போர்டைக் காலி செய்வது, கட்டில் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி வைப்பது, வேலை நடக்கும் நாளில் லீவு போட்டு வீட்டில் இருப்பது. இதெல்லாம் ஒரு முழு நாள் வேலை, வீட்டுக்காரரால் செய்ய முடியாத வேலை.

ஆக, கரையானுக்கு இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். கேட்ட விதம் இப்படி. முதலில் போனில் பேசவில்லை. செய்தி அனுப்பினேன்:

"சார், வணக்கம். படுக்கையறைக் கப்போர்டு அடியில் இன்று கரையான் மண்கோடு பார்த்தேன். படம் அனுப்பியிருக்கிறேன். அடிப்பலகை உள்ளே பொத்தலாகிவிட்டது. பின்னால் இருக்கும் குளியலறைச் சுவர் ஈரமாக இருக்கிறது. மண்கோட்டைத் துடைக்காமல் வைத்திருக்கிறேன். நிலைச்சட்டத்துக்குப் போவதற்குள் பார்த்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியுமா?"

இதில் பணம் என்ற வார்த்தையே இல்லை. முதல் செய்தியிலேயே யார் செலவு என்று கேட்டால் அவர் செலவைப் பற்றி மட்டும்தான் யோசிப்பார். தேதி, இடம், சேதம், காரணம், அடுத்து எது போகும் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். அப்புறம் அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் மண்கோட்டை விட்டுவைத்தேன். துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் படத்தைக் காட்டினால் பாதி பேர் நம்புவதில்லை.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர். வந்து பார்த்ததும் சொன்னார், "ஏம்மா, வீட்டைச் சுத்தமா வச்சிருந்தா கரையான் ஏன் வருது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நிதானமாகச் சொன்னேன். "சார், கரப்பான்னா நீங்க சொல்றது சரி. கரையானுக்கு எச்சிலும் வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கும் வேண்டாம். மரமும் ஈரமும் இருந்தா போதும். இந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். பிறகு கப்போர்டுக்குப் பக்கத்தில் நான் சுவரை ஒட்டி அடுக்கியிருந்த மூன்று அட்டைப்பெட்டிகளைக் காட்டினார். அதில் அவர் சொன்னது நியாயம். தரைத்தளத்தில் அட்டைப்பெட்டியைச் சுவரை ஒட்டித் தரையில் வைப்பது கரையானுக்கு இலை போட்ட மாதிரி. மூடி இருப்பதால் மண்கோடு ஏறுவதும் கண்ணில் படாது. தப்பை ஒப்புக்கொண்டு அன்றைக்கே எடுத்துவிட்டேன். அதை ஒப்புக்கொண்டதால் பேச்சு கெடவில்லை, இன்னும் இளகியது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு கணக்கு சொன்னேன். இன்றைக்கு மருந்து போட்டால் ஒரு செலவு. நிலைச்சட்டம் போனால் மரம், தச்சர் கூலி, கொத்தனார், பூச்சு, பெயிண்ட் என்று அதைப் போல பல மடங்கு. "கொட்டேஷன் வாங்கு, பாக்கலாம்" என்றார்.

இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். இங்கேதான் வீட்டுக்காரர்கள் வழக்கமாகத் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒருவர் 3,500 சொன்னார். கப்போர்டுக்கும் கதவுகளுக்கும் மருந்து அடிப்பது மட்டும், வாரண்டி மூன்று மாதம். இன்னொருவர் 7,500. எல்லா அறையிலும் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஒரு அடிக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசலை இறக்கி, வெள்ளைச் சிமெண்டால் அடைப்பது. மரம் சுவரைத் தொடும் இடங்களில் சின்னத் துளை போட்டுத் தனியாக மருந்து. வாரண்டி மூன்று வருஷம். கட்டி முடித்த வீடுகளில் கரையானைத் தடுக்க இந்தியத் தரக் குறியீடான ஐஎஸ் 6313-இன் மூன்றாம் பாகம் சொல்லும் முறையும் இதுதான். புற்று மண்ணுக்குள் இருக்கும்போது மரத்துக்கு மேல் அடிப்பதால் என்ன பயன்? அதன் பாதை மண்ணில் இருக்கிறது, மருந்தும் அங்கேதான் போக வேண்டும்.

வீட்டுக்காரர் முதலில் 3,500-ஐத்தான் பார்த்தார். அது இயல்பு. மூன்று மாத வாரண்டியையும் மூன்று வருஷ வாரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். வாரண்டி கார்டு அவர் பெயரில், வீட்டு விலாசத்துக்கு என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. 7,500-ஐ அவரே நேராக அந்த ஆளுக்கு அனுப்பினார். பணம் என் கை வழியாகப் போகாதது ரொம்ப நல்லது. பில்லும் அவர் பெயரில், பின்னால் வாரண்டிக்குக் கூப்பிடுவதும் அவர் பொறுப்பு. ஆள் வந்த அன்று கரைசல் கலக்கும்போது பக்கத்தில் நின்றேன். மருந்து டப்பா சீல் உடைக்காமல் இருக்கிறதா, இமிடாகுளோப்ரிட் 30.5 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பணம் கொடுப்பவர் அங்கே இல்லாதபோது பக்கத்தில் நிற்பவர் செய்ய வேண்டிய வேலை அது.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குளியலறைக் கசிவை முதலில் சரி செய்ய வேண்டும், அப்புறம்தான் மருந்து. குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பட்டியலில் தெளிவாகவே இருப்பதால் அதில் வாக்குவாதமே வரவில்லை. சுவர் ஈரமாகவே இருந்தால் எந்த வாரண்டியும் நிற்காது, மருந்து போடுகிறவர்களும் அதையே காரணம் காட்டித் தப்பித்துக்கொள்வார்கள். பிளம்பர் வந்து, சுவர் காய இரண்டு வாரம் விட்டு, பிறகுதான் டிரில் போட்டோம். கப்போர்டு அடிப்பலகையை மாற்ற அவர் இப்போதைக்கு மனம் வைக்கவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் "இந்தச் சேதம் கரையானால் வந்தது, அட்வான்ஸில் பிடிக்க மாட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

கரப்பான் கதைக்கு வருகிறேன். என் சமையலறையில் இருந்தது சின்ன வகை. அதை அவரிடம் செலவாகச் சொல்லவே இல்லை. ஜெல் மருந்துக்காரர் 1,000 ரூபாய் வாங்கினார். கீல், டிராயர் மூலை, ஃப்ரிட்ஜ் பின்பக்கம் என்று கடுகு அளவுக்குச் சொட்டுச் சொட்டாக வைத்துவிட்டு, பதினைந்து நாள் கழித்து, முட்டையிலிருந்து புதிதாக வந்தவற்றுக்காக இன்னொரு முறை வைத்தார். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடித்தால் வாசனைக்குக் கரப்பான் ஜெல் பக்கமே வராது, வைத்த பணம் வீண். இதற்கு நான் பணம் கொடுத்தது நியாயம்தான். குடியேறி மூன்று வருஷம் ஆகிறது, அது என் சாமானோடுதான் வந்திருக்கும். குடிபோன முதல் மாதத்திலேயே அந்தச் சின்னக் கரப்பான் கூட்டமாக இருந்தால் அது முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. அப்போது தயங்காமல் வீட்டுக்காரரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். முதல் வாரத்திலேயே படம் எடுத்து அனுப்பியிருந்தால்தான் அந்தப் பேச்சு எடுபடும்.

எதிர்வீட்டு அம்மாவுக்குப் பெரிய கரப்பான் தொல்லை. இரண்டு முறை தன் காசில் ஸ்ப்ரே அடித்தும் போகவில்லை. அவர்கள் குளியலறையில் தண்ணீர் போகும் ஜாலிக்கு அடியில் நீர் தேங்கி நிற்கும் கிண்ணம் உடைந்திருந்தது. அந்த அடைப்பு இல்லாததால் மேன்ஹோலிலிருந்து நேர்வழி. அங்கே ஒரு வீட்டுக்குள் மருந்து அடித்து எந்தப் பயனும் இல்லை. கிண்ணத்தை வீட்டுக்காரர் மாற்ற வேண்டும், பொதுச் சாக்கடைக்கும் மேன்ஹோலுக்கும் அசோசியேஷன் பராமரிப்புப் பணத்திலிருந்து மருந்து போட வேண்டும். அப்படித்தான் கடைசியில் செய்தார்கள், மாடி வீட்டுக்காரர்களும் பங்கு கொடுத்தார்கள்.

மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டு, அவரே இன்னொரு வரியும் சேர்த்தார். இப்போது எங்கள் ஒப்பந்தத்தில் இப்படி இருக்கிறது: "கரையான் மற்றும் கட்டடக் கழிவுநீர்க் குழாய் வழியாக வரும் பூச்சிகளுக்கான செலவு உரிமையாளரைச் சேரும். சமையலறை மற்றும் சாமான்கள் வழியாக வரும் பூச்சிகளுக்கான செலவு குடியிருப்பவரைச் சேரும். கரையான் அறிகுறி கண்ட ஏழு நாட்களுக்குள் குடியிருப்பவர் படத்துடன் தெரிவிக்க வேண்டும்." அந்த ஏழு நாள் அவர் சேர்த்தது.